‘கொஞ்சம் ஒத்தாசைக்கு வா’ன்னு சொன்னா போதுமா? முதல் பகுதிநேர உதவியாளருக்கு ஒரு பக்கக் கடிதம்!

சேலம் அருகே இளம்பிள்ளையில் தறிச் சத்தத்தோடு இப்போது பார்சல் டேப் கிழிக்கும் சத்தமும் கேட்கிறது. வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் வீட்டிலிருந்தே புடவை விற்கும் பெண்களுக்கு, ஒரு கட்டத்தில் தனி ஆளாகச் சமாளிக்க முடியாமல் போகும். பக்கத்துத் தெருப் பெண்ணை, ‘கொஞ்சம் ஒத்தாசைக்கு வா’ என்று கூப்பிடுவார்கள். சம்பளம் ‘பார்த்துக்கலாம்’. தீபாவளி சீஸன் வந்ததும் மனஸ்தாபம் ஆரம்பிக்கும்.

இதைத் தவிர்க்க, வேலைக்கு வரும் முன்பே தமிழில் ஒரு பக்கக் கடிதம் போதும். உதாரணத்துக்கு இப்படி எழுதலாம்:

‘புடவைகளைப் பிரித்து டேமேஜ் பார்ப்பது, மடிப்பது, பேக் செய்வது, முகவரி ஒட்டுவது, கூரியரில் கொடுப்பது உங்கள் வேலை. திங்கள் முதல் சனி வரை காலை 10 முதல் 2 மணி வரை. ஞாயிறு விடுமுறை. சம்பளம் மாதம் 7,280 ரூபாய். அடுத்த மாதம் 5-ம் தேதிக்குள் வங்கிக் கணக்கில் வரும். கூடுதலாக வேலை செய்யும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 70 ரூபாய். வேலையை நிறுத்துவதாக இருந்தால், இரு தரப்பும் 15 நாள்களுக்கு முன் சொல்ல வேண்டும்.’

அந்த 7,280 எப்படி வந்தது? தினம் 4 மணி நேரம், 26 நாள்கள், ஆக 104 மணி நேரம். மணிக்கு 70 ரூபாய். 70 என்பது உதாரணம்தான். உங்கள் தொழிலுக்கு அரசு அறிவித்திருக்கும் குறைந்தபட்ச மாதச் சம்பளத்தை, அகவிலைப்படியையும் சேர்த்து, 26-ஆல் வகுத்து, பிறகு 8-ஆல் வகுங்கள். வரும் தொகைக்குக் கீழே போகக் கூடாது. அகவிலைப்படி ஏப்ரலில் மாறும் என்பதால், வருஷா வருஷம் கணக்கைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

பலரும் எழுத மறப்பது, எது வேலை இல்லை என்பதை. வீட்டில் நடக்கும் வியாபாரம் என்பதால், பேக்கிங்குக்கு வந்தவர் பாத்திரம் தேய்ப்பதிலும் குழந்தையைப் பார்த்துக்கொள்வதிலும் போய் நிற்பார். ‘வீட்டு வேலைகள் இதில் சேராது’ என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

அதைவிட முக்கியமானது, லைவ் வீடியோ. ‘இந்தப் புடவையைக் கட்டிட்டு வந்து நில்லும்மா’ என்று அவசரத்தில் சொல்லிவிடுவார்கள். முதலாளியிடம் முடியாது என்று சொல்ல அந்தப் பெண்ணுக்குத் தயக்கமாக இருக்கும். வீடியோ ஊர் முழுக்கப் போன பிறகு, வீட்டில் பிரச்னை வரும். அதனால், ‘கேமரா முன் வருவது உங்கள் விருப்பம், வராவிட்டால் வேலைக்கோ சம்பளத்துக்கோ பாதிப்பில்லை’ என்று எழுத்திலேயே இருக்கட்டும்.

அடுத்த சிக்கல், முகவரி மாறிப்போன பார்சல். ரிட்டர்ன் செலவைச் சத்தமில்லாமல் சம்பளத்தில் பிடிப்பது தவறு. அவர் தரப்பு விளக்கத்தைக் கேட்காமல் எதையும் பிடிக்க மாட்டோம் என்று எழுதுங்கள். ஒரே பூப்போட்ட புடவை நாலு கலரில் இருக்கும்போது, மாற்றி வைப்பது யாருக்கும் நடக்கும்!

கடிதத்தில் வேலை தொடங்கும் தேதியைப் போட்டு, வாசித்துக் காட்டி, இரண்டு பிரதியிலும் இருவரும் கையெழுத்திட்டு, ஒன்றை அவரிடமே கொடுத்துவிடுங்கள். சீஸனில் நேரத்தை மாற்றினால், புதிய நேரத்தைத் தேதியோடு அதே தாளில் எழுதி மறுபடியும் இருவரும் கையெழுத்திட்டால் போதும்.