ஆய்வு எல்லையும் ஆய்வுக் கட்டுப்பாடும்: தருமபுரி நடுகல் ஆய்வை முன்வைத்து

முன்னுரை

தமிழ் முதுகலை ஆய்வேடுகளின் முன்னுரையில் 'ஆய்வு எல்லை' என்னும் ஒரே தலைப்பின்கீழ் இருவேறு செய்திகள் கலந்து எழுதப்படுவதுண்டு. ஆய்வாளர் தாமே தேர்ந்து வகுத்துக்கொண்டது ஒன்று; தரவோ முறையியலோ அவர்மேல் சுமத்தியது மற்றொன்று. முன்னதை ஆய்வு எல்லை என்றும், பின்னதை ஆய்வுக் கட்டுப்பாடு என்றும் இக்கட்டுரை வேறுபடுத்துகிறது. 'தருமபுரி மாவட்ட நடுகற்கள் காட்டும் சமூகம்' என்னும் தலைப்பில் முதுகலை ஆய்வேடு ஒன்று எழுதப்படுவதாகக் கொண்டு இவ்வேறுபாடு விளக்கப்படுகிறது.

ஆய்வு எல்லை

ஆய்வாளர் விரும்பியிருந்தால் வேறுவகையாக அமைத்திருக்கக்கூடியதே எல்லையாகும். மேற்காட்டிய தலைப்பில் முதலில் தெளிவுபெற வேண்டியது 'தருமபுரி மாவட்டம்' என்னும் தொடர். சேலம் மாவட்டத்திலிருந்து 1965-இல் தருமபுரி பிரிக்கப்பட்டது. 2004-இல் அதிலிருந்து கிருட்டிணகிரி தனி மாவட்டமாயிற்று. எனவே 1970-களில் வெளியான கல்வெட்டுத் தொகுப்புகளில் 'தருமபுரி மாவட்டம்' என்பது ஒசூர், ஊத்தங்கரைப் பகுதிகளையும் உள்ளடக்கும். 1965-க்கு முந்தைய ஆண்டறிக்கைகளில் இதே ஊர்கள் சேலம் மாவட்டத்தின்கீழ் இடம்பெறும். இன்றைய மாவட்டமா, பிரிவினைக்கு முந்தைய மாவட்டமா என்பதை ஆய்வாளர் கூறாவிடின், அவர் தரும நடுகல் எண்ணிக்கையைப் பிறர் சரிபார்க்க இயலாது.

எல்லையைக் குறிப்பிட்டால் மட்டும் போதாது. அதற்கான காரணமும் அதனால் விடுபடுவதும் கூறப்பட வேண்டும். 'இன்றைய தருமபுரி மாவட்டத்திலுள்ள, எழுத்துப் பொறிப்புடைய நடுகற்கள் மட்டும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. வீரனின் பெயர், தலைவன், பூசலின் காரணம் ஆகியவற்றைப் பொறிப்பே தெளிவாகத் தருவதால் இத்தேர்வு செய்யப்பட்டது. இதே மரபைச் சேர்ந்த செங்கம் நடுகற்கள் ஒப்பீட்டிற்கு மட்டும் பயன்படுகின்றன' என்று எழுதுவது முறையான எல்லைக் கூற்றாகும்.

ஆய்வுக் கட்டுப்பாடு

ஆய்வாளர் எவ்வளவு முயன்றாலும் நீக்க இயலாததும், முடிவின் உறுதியைக் குறைப்பதுமே கட்டுப்பாடு. நடுகல் ஆய்வில் இதற்கு மூன்று சான்றுகள் காட்டலாம். முதலாவது, எழுத்துச் சிதைவு. வட்டெழுத்துப் பொறிப்பில் சில எழுத்துகள் தேய்ந்திருப்பின், இயற்பெயரா ஊர்ப்பெயரா என்று துணிய முடியாமற்போகும். இரண்டாவது, இடப்பெயர்ச்சி. பாதுகாப்பிற்காக அருங்காட்சியகத்திற்குக் கொண்டுவரப்பட்ட கல்லில் பொறிப்பு முழுமையாக இருப்பினும், அது நின்ற திசை, அருகிலிருந்த பிற கற்கள், வழிபாட்டுச் சூழல் ஆகியன பதிவாகாதிருந்தால் அவற்றை மீட்க வழியில்லை. மூன்றாவது, காலக்கணிப்பு. பல கற்கள் அரசனின் ஆட்சியாண்டையே தருகின்றன. மகேந்திரவர்மன் என்னும் பெயர் பல்லவருள் இருவருக்கு உண்டு. இன்னார் என்று துணிய எழுத்தமைதியே துணை. அதுவும் தோராயமான காலத்தையே தரும்.

இவற்றைக் குறிப்பிடுகையில், எந்த முடிவு எந்த அளவிற்குப் பாதிக்கப்படுகிறது என்று கூறுவது இன்றியமையாதது. 'சில கற்கள் சிதைந்துள்ளன' என்பது வெறும் செய்தி. 'சிதைந்த கற்களில் பூசலின் காரணம் கிட்டாமையால், ஆநிரைப் பூசல்களின் விகிதம் படிக்கத்தக்க கற்களுக்கு மட்டுமே பொருந்தும்' என்பதே கட்டுப்பாட்டுக் கூற்று.

இரண்டும் மயங்குமிடம்

'கால அவகாசம் போதாமையால் பென்னாகரம் வட்டக் கற்கள் சேர்க்கப்படவில்லை' என்னும் தொடர் கட்டுப்பாடுபோல் தோன்றினும், உண்மையில் அஃது எல்லையே. எந்த வட்டத்தை விடுவது என்பதை முடிவுசெய்தவர் ஆய்வாளர். ஆகவே அவ்வட்டத்தை ஏன் விட்டார் என்பதற்கு அவரே விடைகூற வேண்டும். மாறாக, அவ்வட்டத்திற்குச் சென்றும் முன்பு பதிவான கல் ஒன்று இருந்த இடத்தில் காணப்படவில்லையெனில் அது கட்டுப்பாடு.

சில வேளைகளில் எல்லையே கட்டுப்பாட்டைத் தோற்றுவிக்கும். பொறிப்புடைய கற்களை மட்டும் எடுப்பது தேர்வு. பொறிப்பற்ற கற்கள் யாருக்கு எடுக்கப்பட்டன என்பதைப் பற்றி அவ்வாய்வு எதுவும் கூறவியலாது என்பது அத்தேர்வின் விளைவு. முன்னதை முதல் இயலிலும் பின்னதை முடிவுரையிலும் எழுதினால், 'தருமபுரிச் சமூகம்' என்று பொதுமைப்படுத்தும் பிழை தவிர்க்கப்படும்.

முடிவுரை

ஆய்வாளர் வேறுவகையாகச் செய்திருக்க முடியுமா என்னும் வினாவிற்கு 'ஆம்' எனில் எல்லை. 'இல்லை' எனில் கட்டுப்பாடு. எல்லைக்குக் காரணமும் கட்டுப்பாட்டிற்கு விளைவும் உடன் எழுதப்பட வேண்டும். அவ்வாறு எழுதப்பட்ட ஆய்வேட்டில், விடுபட்ட கற்களையும் ஐயத்திற்குரிய வாசிப்புகளையும் அடுத்த ஆய்வாளர் தனித்தனியே அடையாளம் கண்டு, தம் ஆய்வை அங்கிருந்து தொடங்கவியலும்.