இரண்டாம் எழுத்தைப் பாருங்கள்

வீட்டு ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால், அதில் இணைந்துள்ள கருவிகளின் பட்டியல் வரும். இரண்டு முகவரிகளை எடுத்துக்கொள்வோம்:

```
B8:27:EB:4C:10:7E
76:5F:31:90:C2:08
```

முதலாவதன் முதல் ஆறு எழுத்துகளைத் தேடினால், ராஸ்பெரி பை அறக்கட்டளையின் பெயர் வந்துவிடும். இரண்டாவதற்கு நிறுவனமே அகப்படாது. யாரோ வைஃபையில் நுழைந்துவிட்டார்கள் என்று பதறிக் கடவுச்சொல்லை மாற்றுகிறவர்கள் உண்டு. அவசரப்பட வேண்டாம், அநேகமாக அது உங்கள் கைபேசிதான்.

மேக் முகவரி என்பது 48 பிட். முன்பாதியான 24 பிட்டைத் தயாரிப்பாளருக்கு ஒதுக்கித் தருவது ஐ.இ.இ.இ. அமைப்பு. பின்பாதியை அந்த நிறுவனமே கருவிக்கு ஒன்றாகப் போட்டுக்கொள்ளும். ஒரு முன்னொட்டைக் கொண்டு சுமார் 1.67 கோடி கருவிகளுக்கு எண் கொடுக்கலாம்.

ஆனால் முதல் பைட்டின் கடைசி இரண்டு பிட்டுகளுக்குத் தனி வேலை இருக்கிறது. கடைசி பிட் 0 என்றால் தகவல் ஒரே கருவிக்கு. 1 என்றால் ஒரு குழுவுக்கு. ஈத்தர்நெட் ஒவ்வொரு பைட்டையும் கடைசி பிட்டிலிருந்துதான் கம்பியில் அனுப்புகிறது. அதனால் முகவரியில் முதலில் வந்து சேர்வதே இந்த பிட்தான். அதற்கு முந்தைய பிட், முகவரி எங்கே பிறந்தது என்பதைச் சொல்கிறது: 0 என்றால் ஒதுக்கீட்டின்படி வந்தது, 1 என்றால் மென்பொருளோ நிர்வாகியோ அங்கேயே வைத்தது.

B8-ஐ விரித்தால் 10111000. கடைசி இரண்டும் 0. 76-ஐ விரித்தால் 01110110. கடைசி பிட் 0, எனவே தனிக் கருவி. அதற்கு முந்தையது 1, எனவே உள்ளூர் முகவரி. ஒவ்வொரு முறையும் விரித்துப் பார்க்கத் தேவையில்லை. இரண்டாம் எழுத்து 2, 6, A, E ஆகியவற்றில் ஒன்றா என்று பார்த்தாலே போதும்.

ஆண்ட்ராய்டு 10-உம் ஐஓஎஸ் 14-உம் வந்தபின், கைபேசிகள் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் இப்படி ஒரு முகவரியைத் தாமே உருவாக்கிக்கொள்கின்றன. கடைக்குக் கடை நம்மைப் பின்தொடர முடியாதபடி செய்வதே நோக்கம். அதற்கு ஒரு விலையும் உண்டு. மேக் முகவரியைப் பதிந்து அனுமதி தரும் அலுவலகத்தில், 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு ஒரு பெயரும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு வேறு பெயரும் இருந்தால், ஒரே கைபேசி இரண்டு ஆளாகத் தெரியும். ஒன்றில் நுழையும், மற்றதில் நிற்கும். அந்த வைஃபைக்கு மட்டும் அமைப்புகளில் கருவியின் சொந்த முகவரியைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

முகவரியைக் கையால் மாற்றுகிறவர்கள் தடுக்கி விழுவது மற்ற பிட்டில். இரண்டாம் எழுத்து ஒற்றைப்படை (1, 3, B போல) ஆகிவிட்டால் அது குழு முகவரி. ஒரு கருவி தன்னையே குழு என்று சொல்லிக்கொள்ள முடியாதல்லவா? லினக்ஸ் `Cannot assign requested address` என்று மறுத்துவிடும். காரணத்தை அது சொல்வதில்லை என்பதுதான் எரிச்சல். இதைக் கண்டால் முதல் பைட்டை 02 என்று மாற்றிப் பாருங்கள்.