‘சாவி வரும்வரை இ.எம்.ஐ இல்லை!’ - அப்போ அந்த லோன் யார் பேர்ல இருக்கு?

“வீடு கைக்கு வரும்வரை இ.எம்.ஐ கட்ட வேண்டாம், நாங்க கட்டுறோம்!” நொய்டா, கிரேட்டர் நொய்டா பக்கம் ஆயிரக்கணக்கானவர்களை ஃப்ளாட் புக் பண்ண வைத்தது இந்த ஒரு வரிதான். இதற்குப் பெயர் சப்வென்ஷன் ஸ்கீம். வாடகையும் இ.எம்.ஐ-யும் சேர்த்துக் கட்ட முடியாதவங்களுக்கு இது வரம் மாதிரி தெரியும்.

ஒரு கணக்கு போடுவோம். ஃப்ளாட் விலை 60 லட்சம், ஹோம் லோன் 48 லட்சம். அதில் 40 லட்சத்தை வங்கி ஆரம்பத்திலேயே பில்டரிடம் கொடுத்துவிடுகிறது. 9% வட்டி என்றால் மாதம் 30,000 ரூபாய். 36 மாதம் அதை பில்டர் கட்டணும் என்பது ஒப்பந்தம்.

இதில் வங்கி கடன் கொடுத்தது பில்டருக்கு இல்லை, உங்களுக்கு. கையெழுத்து, பான் நம்பர், சிபில் எல்லாமே உங்களுடையது. பில்டர் உங்கள் சார்பில் வட்டி கட்டுகிறார், அவ்வளவுதான். அதுவும் பல நேரம் உங்கள் லோன் பணத்திலிருந்தே எடுத்துத்தான்!

19-வது மாதம் பில்டர் நிறுத்திவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டடம் பாதியில் நிற்கும். வங்கி உங்களுக்குத்தான் போன் பண்ணும். கட்டாவிட்டால் சிபில் ஸ்கோர் சரியும். பாக்கி 90 நாளைத் தாண்டினால் லோன் வாராக்கடன் ஆகும். கட்டினாலோ, வாடகையோடு சேர்த்து மாதம் 30,000 போகும். அதுவும் வெறும் வட்டி, அசல் அப்படியே இருக்கும். ரெராவுக்குப் போய் பில்டரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஆனால், பில்டர் திவால் நடவடிக்கைக்குள் போய்விட்டால் அந்தப் பணம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வங்கிகள் மேலும் தப்பு இருக்கு. கட்டடம் எழும்ப எழும்பத்தான் பணம் விடணும் என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லியிருந்தது. ஹவுஸிங் ஃபைனான்ஸ் நிறுவனங்களிடம் இந்த ஸ்கீமே வேண்டாம் என்று தேசிய வீட்டுவசதி வங்கி 2019-ல் சொன்னது. இப்படி மாட்டிக்கொண்டவர்கள் மீது கட்டாய நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் இடைக்கால உத்தரவு போட்டது. 2025-ல் வங்கி - பில்டர் கூட்டை விசாரிக்க சி.பி.ஐ-க்கு உத்தரவிட்டது.

இன்றைக்கும் வேறு வேறு பெயர்களில் இதே ஆஃபர் வரலாம். நீங்கள், பில்டர், வங்கி மூவரும் போடும் முத்தரப்பு ஒப்பந்தத்தை வாங்கி முழுசாகப் படியுங்கள். ‘பில்டர் தவறினாலும் கடன்தாரரே பொறுப்பு’ என்ற வரி பெரும்பாலும் உள்ளே எங்கேயோ இருக்கும். பில்டர் கட்டுவது 36 மாதம் மட்டுமா, சாவி தரும்வரையா என்பதையும் பாருங்கள். விளம்பரத்தில் ஒன்று, ஒப்பந்தத்தில் வேறு ஒன்று இருப்பது சகஜம்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாச்சா? மாதாமாதம் லோன் ஸ்டேட்மென்ட்டை டவுன்லோடு பண்ணி, வட்டி எந்தத் தேதியில் வந்தது என்று பாருங்கள். வழக்கமாக 5-ம் தேதி வருவது 20-ம் தேதிக்குத் தள்ளிப்போனால் அதுதான் முதல் அறிகுறி. மிச்சத் தொகையை பில்டருக்கு விடுவிக்க வேண்டாம் என்று அன்றைக்கே வங்கிக்கு எழுதிக் கொடுங்கள்.