கோட்டின் மேல் நகர்வா, கோடே இடம்பெயர்ந்ததா?

பொருளியலில் ‘பணத் தேவை’ என்பது மக்கள் எவ்வளவு பணம் சம்பாதிக்க ஆசைப்படுகிறார்கள் என்பதைக் குறிப்பதல்ல. ஏற்கெனவே கையில் உள்ள சொத்தில் எவ்வளவு பங்கை ரொக்கமாகவோ, நினைத்த நேரத்தில் எடுக்கக்கூடிய வங்கி இருப்பாகவோ வைத்துக்கொள்ள விரும்புகிறார்கள் என்பதையே அது குறிக்கிறது. மீதிச் சொத்து கடன் பத்திரங்களிலும் நிரந்தர வைப்புகளிலும் கிடந்து வட்டி ஈட்டும். ஒரு லட்சம் ரூபாயை ஓராண்டு முழுவதும் பீரோவில் பூட்டி வைப்பவர், பத்திர வட்டி 8 சதவீதமாக இருந்தால் 8,000 ரூபாயை இழக்கிறார். வட்டி 4 சதவீதமாக இருந்தால் அவர் இழப்பது 4,000 ரூபாய் மட்டுமே. இந்த இழப்புதான் பணத்தைப் பணமாகவே வைத்திருப்பதன் வாய்ப்புச் செலவு.

வட்டி குறையக் குறைய இந்தச் செலவு குறைகிறது; மக்கள் கூடுதலாகப் பணம் வைத்துக்கொள்ளத் தயங்குவதில்லை. செங்குத்து அச்சில் வட்டி வீதத்தையும் கிடை அச்சில் பணத்தின் அளவையும் குறித்தால், இடமிருந்து வலமாகச் சரியும் ஒரு கோடு கிடைக்கும். அதுவே பணத் தேவைக் கோடு. ஜான் மேனார்டு கீன்ஸ் 1936இல் வெளியிட்ட நூலில் விளக்கிய ரொக்க இருப்பு விருப்பக் கோட்பாடு இதன் அடிப்படை.

இந்தக் கோட்டைக் கொண்டு இரண்டு வகை மாற்றங்களைக் காட்டலாம். கோடு இருந்த இடத்திலேயே இருக்க, அதன் மேல் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குச் செல்வது முதல் வகை. இது கோட்டின் மேல் நகர்வு. கோடு முழுவதும் வலப்புறமோ இடப்புறமோ தள்ளப்படுவது இரண்டாம் வகை. இது இடப்பெயர்ச்சி. கொள்குறி வினாக்களில் மாணவர்கள் அதிகம் சறுக்குவது இவ்விரண்டையும் பிரித்தறியும் இடத்தில்தான்.

பிரித்தறியும் விதி எளியது. மாற்றத்துக்குக் காரணம் செங்குத்து அச்சில் உள்ள வட்டி வீதம் என்றால், அது கோட்டின் மேல் நகர்வு. வட்டி வீதம் மாறாதபோதும் மக்கள் வைத்துக்கொள்ள விரும்பும் பணத்தின் அளவு மாறுகிறது என்றால், அது இடப்பெயர்ச்சி. நாட்டு வருமானம், விலைமட்டம், எதிர்காலம் பற்றிய அச்சம், பணம் செலுத்தும் முறைகள் ஆகியவை அச்சுகளில் இல்லை. அவை மாறும்போது அந்த மாற்றத்தைப் படத்தில் காட்ட, கோட்டையே வேறிடத்தில் வரைய வேண்டியிருக்கிறது.

பொறி எங்கே இருக்கிறது?

விதி எளியதாக இருந்தும் தவறு நேர்வதற்குக் காரணம், வினாக்கள் பெரும்பாலும் வட்டியை நேரடியாகக் குறிப்பிடாததே. வழக்கமான வினா ஒன்று இப்படி இருக்கும்: ‘மத்திய வங்கி சந்தையில் அரசுக் கடன் பத்திரங்களை வாங்குகிறது. பணத் தேவைக் கோட்டில் என்ன நிகழும்? (அ) கோடு வலப்புறம் இடம்பெயரும். (ஆ) கோடு இடப்புறம் இடம்பெயரும். (இ) கோடு இடம்பெயராது. அதன் மேல் கீழ்நோக்கிய நகர்வு ஏற்படும். (ஈ) கோடு செங்குத்தாக மாறும்.’

பலர் (அ)வைத் தேர்வு செய்கிறார்கள். அவர்களின் சிந்தனை பாதிவரை சரியாகவே செல்கிறது. மத்திய வங்கி பத்திரங்களை வாங்கினால் புழக்கத்தில் பணம் கூடும், வட்டி குறையும், மக்கள் முன்பைவிட அதிகப் பணம் வைத்துக்கொள்வார்கள். இதுவரை பிழை இல்லை. ‘அப்படியானால் தேவை கூடிவிட்டது’ என்ற கடைசி முடிவில்தான் பிழை நுழைகிறது. கூடியது தேவை அல்ல, தேவைப்படும் அளவு. இடம்பெயர்ந்தது பண அளிப்புக் கோடு. தேவைக் கோடு அசையவில்லை. வட்டி குறைந்ததால் மக்கள் அதன் மேல் கீழ்நோக்கி வந்தார்கள். சரியான விடை (இ).

ஒரு கற்பனை நாட்டின் எண்களை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். அங்கே வட்டி 7 சதவீதமாக இருக்கும்போது மக்கள் 40 லட்சம் கோடி ரூபாயைப் பணமாக வைத்துக்கொள்ள விரும்புகிறார்கள். 6 சதவீதத்தில் 44, 5 சதவீதத்தில் 48 லட்சம் கோடி. மத்திய வங்கி 44 லட்சம் கோடியைப் புழக்கத்தில் விட்டிருக்கிறது. ஆகவே வட்டி 6 சதவீதத்தில் நிலைகொண்டிருக்கிறது. இப்போது அது பத்திரங்களை வாங்கிப் பண அளிப்பை 48 லட்சம் கோடியாக உயர்த்துகிறது. 6 சதவீத வட்டியில் மக்கள் விரும்புவது 44 மட்டுமே என்பதால், கையில் சேர்ந்த உபரியைக் கொண்டு பத்திரங்களை வாங்க முயல்கிறார்கள். பத்திர விலை ஏறி, வட்டி இறங்குகிறது. 5 சதவீதத்தை எட்டும்போது 48 லட்சம் கோடியையும் மக்கள் மனமுவந்து வைத்துக்கொள்கிறார்கள். இதில் மேற்கண்ட பட்டியலின் ஓர் எண்ணைக்கூடத் திருத்த வேண்டிய தேவை எழவில்லை. பட்டியல் மாறாதவரை கோடும் மாறாது.

இதற்கு நேரெதிரான வினாவும் உண்டு. அதே நாட்டில் பண அளிப்பு 44 லட்சம் கோடியாகவே இருக்க, நாட்டு வருமானம் உயர்கிறது என்று கொள்வோம். வாங்குவதும் விற்பதும் பெருகுவதால், ஒவ்வொரு வட்டி வீதத்திலும் மக்களுக்கு முன்பைவிட 4 லட்சம் கோடி அதிகம் தேவைப்படுகிறது. 7 சதவீதத்தில் 44, 6 சதவீதத்தில் 48, 5 சதவீதத்தில் 52 என்று பட்டியலையே மாற்றி எழுத வேண்டும். இது வலப்புற இடப்பெயர்ச்சி. புழக்கத்தில் இருப்பதோ 44 மட்டுமே. ஆகவே வட்டி 7 சதவீதத்துக்கு ஏறுகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது, கடைசியில் மக்களிடம் இருக்கும் பணத்தின் அளவு முன்போலவே 44 லட்சம் கோடி என்பதே. தேவை கூடியிருக்கிறது, இருப்பு கூடவில்லை. முதல் வினாவில் இருப்பு கூடியது, தேவை கூடவில்லை. மக்களிடம் உள்ள பணம் கூடியதா குறைந்ததா என்பதை மட்டும் பார்த்து இடப்பெயர்ச்சியை முடிவு செய்தால், இரண்டு வினாக்களிலும் விடை தவறாகும்.

எந்த வட்டி?

‘வட்டி என்றால் கோட்டின் மேல் நகர்வு’ என்று மனப்பாடம் செய்தவர்களுக்கும் ஒரு பொறி காத்திருக்கிறது. செங்குத்து அச்சில் இருப்பது பணத்துக்கு மாற்றாக வைத்துக்கொள்ளக்கூடிய பத்திரங்கள் போன்றவற்றின் வட்டி. பணத்துக்கே கிடைக்கும் வட்டி அந்த அச்சில் இல்லை.

அமெரிக்காவில் 1933இன் வங்கிச் சட்டம், காசோலை மூலம் எடுக்கக்கூடிய கேட்பு வைப்புகளுக்கு வட்டி தருவதைத் தடை செய்தது. 1980இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்படி, காசோலை வசதியும் வட்டியும் சேர்ந்த ஒருவகைக் கணக்குகள் 1981 முதல் நாடு முழுவதும் அனுமதிக்கப்பட்டன. பத்திர வட்டி அப்படியே இருந்தாலும், வட்டி தரும் காசோலைக் கணக்கில் பணத்தை வைத்திருப்பது முன்பைப்போல இழப்பானதல்ல. ஆகவே ஒவ்வொரு பத்திர வட்டியிலும் மக்கள் விரும்பும் பணத்தின் அளவு கூடுகிறது. இங்கே காரணம் ‘வட்டி’தான் என்றாலும், விளைவு வலப்புற இடப்பெயர்ச்சி.

விலைமட்டம் பற்றிய வினாக்களில் கிடை அச்சைப் பார்க்க வேண்டும். அங்கே பணம் ரூபாய்க் கணக்கில் குறிக்கப்பட்டிருந்தால், விலைவாசி உயர்வு கோட்டை வலப்புறம் தள்ளும். அதே மளிகையை வாங்க அதிக ரூபாய் வேண்டும். விலைமட்டத்தால் வகுத்துப் பெறும் உண்மைப் பண அளவு குறிக்கப்பட்டிருந்தால், அதே விலைவாசி உயர்வு தேவைக் கோட்டை அசைக்காது. ரூபாய் அளிப்பு மாறாத நிலையில், அப்போது இடப்புறம் செல்வது அளிப்புக் கோடே.

நிகழ்ந்தவற்றில் அடையாளம் காண்பது

வினாத்தாளில் காரணம் கொடுக்கப்பட்டிருக்கும். நாட்டு நடப்பில் வட்டியும் பணத்தின் அளவும் மாறியது மட்டுமே கண்ணுக்குத் தெரியும். காரணத்தைத் தேட வேண்டியிருக்கும். சில நேரங்களில் அந்த இரண்டு விவரங்களே போதும்.

1999இல் அமெரிக்காவில் ஃபெடரல் ரிசர்வ் மூன்று முறை வட்டியை உயர்த்தியது. ஜூன் மாதம் வரை 4.75 சதவீதமாக இருந்த கொள்கை வட்டி நவம்பரில் 5.50 சதவீதமானது. கோடு அசையாமல் இருந்திருந்தால் மக்கள் வைத்திருக்கும் பணம் குறைந்திருக்க வேண்டும். ஆனால் ஆண்டின் இறுதியில் ரொக்கத்தின் தேவை பெருகியது. 2000 பிறக்கும்போது கணினிகள் தேதியைத் தவறாகப் புரிந்துகொண்டு வங்கிச் சேவைகள் நின்றுபோகலாம் என்ற அச்சமே அதற்குக் காரணம். இதை எதிர்பார்த்து, ஃபெடரல் ரிசர்வ் முன்கூட்டியே 5,000 கோடி டாலர் மதிப்புள்ள நோட்டுகளைக் கூடுதல் கையிருப்பாக வைக்க ஏற்பாடு செய்திருந்தது. வட்டியும் ஏறி, மக்கள் வைத்திருக்கும் பணமும் ஏறினால், சரியும் கோட்டின் மேல் நடக்கும் நகர்வு அதை விளக்க முடியாது. இடப்பெயர்ச்சி நிகழ்ந்தே இருக்க வேண்டும். அச்சம் பொய்த்ததும், 2000இன் தொடக்கத்தில் அந்த ரொக்கம் வங்கிகளுக்குத் திரும்பியது. கோடும் பழைய இடத்தை நோக்கித் திரும்பியது.

2020இல் இந்தியாவில் நடந்தது இவ்வளவு தெளிவானதல்ல. இந்திய ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை மார்ச்சில் 5.15 சதவீதத்திலிருந்து 4.40 ஆகவும், மே மாதத்தில் 4 சதவீதமாகவும் குறைத்தது. 2020-21 நிதியாண்டில் புழக்கத்தில் இருந்த நோட்டுகளின் மதிப்பு 16.8 சதவீதம் உயர்ந்தது. வட்டி இறங்கியது, பணம் கூடியது. இது கோட்டின் மேல் கீழ்நோக்கிய நகர்வு போலவே தோன்றும். ஆனால் அந்த ஆண்டில் நாட்டின் வருமானம் சுருங்கியது. அது மட்டுமே செயல்பட்டிருந்தால் கோடு இடப்புறம் சென்று, ரொக்கத் தேவை குறைந்திருக்க வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் மக்கள் முன்னெச்சரிக்கையாக ரொக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டதே நோட்டுகள் வழக்கத்தைவிட அதிகமாகக் கூடியதற்குக் காரணம் என்று ரிசர்வ் வங்கி தன் ஆண்டறிக்கையில் குறிப்பிட்டது. முன்னெச்சரிக்கை நோக்கம் எந்த அச்சிலும் இல்லை. ஆகவே அது வலப்புற இடப்பெயர்ச்சி. வட்டிக் குறைப்பால் வந்த நகர்வும், அச்சத்தால் வந்த இடப்பெயர்ச்சியும் ஒரே ஆண்டில் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ந்தன.

இத்தகைய கலவையிலும் தேர்வு வினாவிலும் பிரித்தறியும் வழி ஒன்றே. பத்திர வட்டி மாறாமல் நின்றுவிட்டது என்று வைத்துக்கொண்டு, கூறப்பட்ட காரணம் அப்போதும் மக்கள் விரும்பும் பண அளவை மாற்றுமா என்று கேட்க வேண்டும். மாற்றும் என்றால் கோடு இடம்பெயர்கிறது. வட்டி மாறினால்தான் அளவும் மாறும் என்றால், நிகழ்ந்தது கோட்டின் மேல் நகர்வு.