விதைக்கு வரியில்லை, கடை வாடகைக்கு உண்டு

ஜி.எஸ்.டி.யில் ஒரு வியாபாரி கொள்முதலின்போது கட்டிய வரியை, விற்பனையில் வசூலித்த வரியிலிருந்து கழித்துக்கொள்ளலாம். இதுவே உள்ளீட்டு வரி வரவு, கடைவீதியில் ஐ.டி.சி. விற்கும் பொருளுக்கு வரி இல்லையென்றால் கழிக்க எதிர்ப்பக்கம் எதுவும் இல்லை. அதற்காகக் கட்டிய வரிக்கு வரவும் இல்லை. வரியுள்ள சரக்கும் வரிவிலக்குச் சரக்கும் ஒரே கூரையின் கீழ் விற்கப்படும்போதுதான் கணக்கு சிக்கலாகிறது. 2017-ஆம் ஆண்டின் மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17-ஆம் பிரிவு, வரியுள்ள விற்பனைக்குரிய பங்கை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. பங்கு பிரிக்கும் முறை விதி 42-இல் உள்ளது.

உரக்கடை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் வரி உண்டு. விதைப்புக்கான விதைக்கு இல்லை. ஆடி விதைப்பு நடக்கும் ஜூலை மாதத்தில் ஒரு கடையின் கொள்முதல் பில்களில் மொத்தம் 3,00,000 ரூபாய் வரி இருப்பதாகக் கொள்வோம். அதில் 2,85,000 ரூபாய் உரம், பூச்சிமருந்து கொள்முதலுக்கு உரியது. இது முழுவதும் வரவாகும். விதைக்கு மட்டுமே பயன்படும் பைகளுக்கான 2,000 ரூபாயும், சட்டம் வரவே தராத ஹோட்டல் சாப்பாட்டு பில்லின் 1,000 ரூபாயும் அப்படியே போய்விடும். மீதி 12,000 ரூபாய் கடை வாடகை, ஆடிட்டர் கட்டணம், பில் போடும் மென்பொருள் ஆகியவற்றுக்குக் கட்டியது. இதில் உரத்துக்கு எவ்வளவு, விதைக்கு எவ்வளவு என்று எந்தப் பில்லும் சொல்லாது. இதுதான் பொது வரவு. விகிதக் கணக்கு இதற்கு மட்டுமே.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். மொத்த வரியான 3,00,000 ரூபாயின் மீதே விகிதத்தைப் போட்டால், உரக் கொள்முதலில் முழுமையாகக் கிடைக்க வேண்டிய வரவும் வீணாகக் கரையும். முதலில் பில் வாரியாகப் பிரிப்பது, பிறகு மிஞ்சியதைப் பங்கிடுவது என்பதே சரியான வரிசை.

அந்த மாதம் வரியுள்ள விற்பனை, வரி நீங்கலாக, 30 லட்சம். விதை விற்பனை 10 லட்சம். மொத்தம் 40 லட்சத்தில் விதையின் பங்கு கால்வாசி. எனவே 12,000-இல் 3,000 ரூபாயைத் திருப்ப வேண்டும். அந்தச் செலவில் ஒரு பகுதி உரிமையாளரின் சொந்த உபயோகத்துக்கும் போயிருந்தால் இன்னும் 5 சதவீதம், அதாவது 600 ரூபாய், சேரும். இந்தத் தொகைகள் GSTR-3B ரிட்டர்னில் 4(B)(1) என்ற இடத்தில் பதிவாக வேண்டும். அதே ரிட்டர்னில் 3.1(c)-இல் வரிவிலக்கு விற்பனையைக் காட்டிவிட்டு 4(B)(1)-ஐக் காலியாக விட்டால், முரண்பாடு பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

மாதக் கணக்கு தற்காலிகமானதே. ஆண்டு முடிந்ததும் முழு ஆண்டின் விற்பனையை வைத்து மறுபடி பங்கிட வேண்டும். நம் கடையின் ஆண்டு விற்பனை 3 கோடி, அதில் விதை 60 லட்சம் என்றால் பங்கு 20 சதவீதம். மாதம் 12,000 வீதம் ஆண்டின் பொது வரவு 1,44,000. திருப்ப வேண்டியது 28,800. பன்னிரண்டு மாதங்களிலும் திருப்பியதைக் கூட்டினால் 26,000 மட்டுமே வருவதாகக் கொள்வோம். வாடகை எல்லா மாதமும் ஒன்றுதான் என்பதால் மாதக் கணக்கில் மந்தமான மாதத்துக்கும் விதைப்பு மாதத்துக்கும் ஒரே எடை. ஆண்டுக் கணக்கிலோ, விற்பனையும் விதைப் பங்கும் சேர்ந்து உயரும் மாதங்கள் கூடுதல் எடை பெறுகின்றன. அதனால்தான் பருவ வியாபாரத்தில் கணக்கு அரிதாகவே ஒத்துப்போகும். குறைந்த 2,800 ரூபாயை, ஏப்ரல் 1 முதல் கட்டும் நாள் வரையிலான வட்டியோடு, செப்டம்பர் மாத ரிட்டர்னின் கெடுவுக்குள் செலுத்த வேண்டும். கூடுதலாகத் திருப்பியிருந்தால் அதே கெடுவுக்குள் வரவாகத் திரும்பப் பெறலாம்.

கணினி, குளிர்சாதனம் போன்ற மூலதனப் பொருள்களுக்கு விதி 43 தனி. அவற்றின் ஆயுள் 60 மாதங்கள் என்று வைத்து வரி பிரிக்கப்படுகிறது. 36,000 ரூபாய் வரி கட்டி வாங்கிய பொதுப் பயன்பாட்டு இயந்திரத்துக்கு மாதப் பங்கு 600. மேற்சொன்ன ஜூலையில் திருப்ப வேண்டியது 150.

விகிதத்தில் எதைச் சேர்ப்பது என்பதிலும் கவனம் வேண்டும். வங்கி டெபாசிட் வட்டி, வங்கி போன்ற நிதி நிறுவனங்களைத் தவிர மற்றவர்களுக்கு வரிவிலக்கு விற்பனையில் சேராது. நிலம் விற்றால் சேரும். முத்திரைத் தீர்வைக்கு எடுத்துக்கொண்ட மதிப்பே இங்கும் மதிப்பு. நம் கடைக்காரர் வியாபாரச் சொத்தாக இருந்த மனையை அதே ஆண்டில் 50 லட்சத்துக்கு விற்றிருந்தால், வரிவிலக்குத் தொகை 1 கோடியே 10 லட்சமாகவும் மொத்தம் மூன்றரைக் கோடியாகவும் ஏறும். 28,800-ஆக இருந்த தொகை 45,257 ரூபாயாகிவிடும், உரமும் விதையும் ஒரு மூட்டைகூடக் கூடுதலாக விற்காமலே.