120-ஆ, 250-ஆ? குழந்தையின் காய்ச்சல் மருந்தை எடைக்கேற்ப அளக்கும் முறை

சுங்கை பூலோவிலும் அதைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கிலும் காய்ச்சல் கண்ட குழந்தைக்கான பாராசிட்டமால் நீர்மருந்து ஒரு வீட்டுக்கு மூன்று வழிகளில் வந்து சேர்கிறது. அரசாங்க சுகாதார கிளினிக்கிலோ மருத்துவமனையிலோ தரப்படுவது ஒன்று; மருத்துவரே மருந்தையும் கொடுத்தனுப்பும் தனியார் கிளினிக்கில் கிடைப்பது மற்றொன்று; மருந்தகத்தில் நேரே வாங்கி வருவது மூன்றாவது. மூன்றும் ஒரே மருந்துதான் என்றாலும் மூன்றின் செறிவும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. செறிவு என்பது ஒரு குறிப்பிட்ட அளவு நீர்மத்தில் எத்தனை மில்லிகிராம் மருந்து கரைந்தோ கலந்தோ இருக்கிறது என்பதைக் குறிக்கும். அரசாங்க மருந்துப் பட்டியலில் உள்ள பாராசிட்டமால் சிரப்பில் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் இருக்க, மருந்தகங்களில் 5 மில்லிலிட்டருக்கு 250 மில்லிகிராம் கொண்ட பாட்டிலும் தாராளமாகக் கிடைக்கிறது. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்துகளில் ஒரு மில்லிலிட்டருக்கே 100 மில்லிகிராம் கொண்டவையும் உண்டு. சென்ற முறை கொடுத்த அதே அளவை இம்முறை வேறு பாட்டிலிலிருந்து எடுத்துக் கொடுக்கும்போதுதான் பல தவறுகள் தொடங்குகின்றன.

குழந்தைக்கான அளவை வயதைக் கொண்டு தீர்மானிக்காமல் எடையைக் கொண்டு தீர்மானிப்பதற்குக் காரணம் எளிது. ஒன்று முதல் ஐந்து வயது வரை 5 முதல் 10 மில்லிலிட்டர் என்பதுபோல் பாட்டிலில் அச்சிட்டிருந்தால், 120 செறிவுள்ள சிரப்பில் 10 மில்லிலிட்டர் என்பது 240 மில்லிகிராம் ஆகும். அது 18 கிலோ எடையுள்ள ஐந்து வயதுக் குழந்தைக்குக் கிலோவுக்கு 13 மில்லிகிராமாக அமைந்து பொருந்திவிடும், ஆனால் 8 கிலோவே உள்ள ஒரு வயதுக் குழந்தைக்குக் கிலோவுக்கு 30 மில்லிகிராமாக ஏறிவிடும். மருத்துவமனைகளில் பாராசிட்டமாலுக்குப் பொதுவாகக் கொள்ளப்படும் கணக்கு, ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம், இரு வேளைகளுக்கிடையே குறைந்தது நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளி, 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் கூடாது என்பதாகும். மூன்று மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு இந்தக் கணக்கை வீட்டில் போட்டுப் பார்க்கவே கூடாது. அந்த வயதில் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் தூக்கிச் செல்வதுதான் முறை. அதேபோல் எடை மிகுந்த பிள்ளைக்குக் கணக்குப்படி எவ்வளவு வந்தாலும் பெரியவர்களுக்கான ஒரு வேளை அளவைத் தாண்டக் கூடாது.

கணக்கின் முதல் உறுப்பு எடை என்பதால் அது பிழைபட்டால் பின்வரும் எல்லாமே பிழைபடும். கிளினிக்கின் குழந்தை எடைத் தராசில் அண்மையில் நிறுத்து, குழந்தையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தில் எழுதிய எடையே நம்பத்தக்கது. பெரியவர்கள் ஏறி நிற்கும் வீட்டுத் தராசில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு முறையும் தனியாக ஒரு முறையும் நின்று கழித்துப் பார்ப்பது மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒத்துவரலாம். ஆனால் அத்தகைய தராசு அரைக் கிலோ முன்பின் காட்டுமானால், ஆறு கிலோக் குழந்தைக்கு அது பன்னிரண்டில் ஒரு பங்கு பிழையாகிவிடும். அத்துடன் கைக்குழந்தையின் எடை சில மாதங்களிலேயே வெகுவாக மாறிவிடுவதால் முந்தைய ஆண்டின் அளவை நினைவிலிருந்து எடுத்துக் கொடுப்பதிலும் பொருளில்லை.

இனி ஒரு கணக்கை முழுமையாகப் போட்டுப் பார்க்கலாம். குழந்தையின் எடை 11 கிலோ எனில் ஒரு வேளைக்குத் தேவையான மருந்து 11 × 15 = 165 மில்லிகிராம். இந்த மில்லிகிராம் எண் எந்தப் பாட்டிலாயினும் மாறாது. மாறுவது அதைச் சுமக்கும் நீர்மத்தின் அளவுதான். 120 செறிவில் ஒரு மில்லிலிட்டருக்கு 120 ÷ 5 = 24 மில்லிகிராம் என்பதால் 165 ÷ 24 = 6.875, அதாவது ஏறத்தாழ 6.8 மில்லிலிட்டர் வேண்டும். 250 செறிவில் ஒரு மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் என்பதால் 165 ÷ 50 = 3.3 மில்லிலிட்டரே போதும். சிரிஞ்சின் கோடுகள் 0.2 மில்லிலிட்டர் இடைவெளியில் இருந்தால் 3.3-க்குத் தனிக் கோடு இராது, அப்போது 3.2-க்கு இறக்கிக்கொள்வது நல்லது, ஏனெனில் கிலோவுக்கு 14.5 மில்லிகிராம் என்ற அந்த அளவு காய்ச்சலைத் தணிக்கப் போதுமானதே.

பாட்டில் மாறியதைக் கவனிக்காமல் 250 செறிவிலிருந்து அதே 6.8 மில்லிலிட்டரை எடுத்தால் குழந்தைக்குள் செல்வது 340 மில்லிகிராம்; கிலோவுக்கு ஏறக்குறைய 31 மில்லிகிராம். ஒரு வேளையோடு நின்றால் அது பெரும்பாலும் ஆபத்தாக முடியாது. நாளொன்றுக்கு நான்கு வேளை என்று தொடர்ந்தால் கிலோவுக்கு 124 மில்லிகிராம் ஆகிவிடும். சிறு குழந்தைக்கு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 100 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் மூன்று நாள் சென்றிருந்தால் கல்லீரலைப் பரிசோதிக்க வேண்டும் என்பது நஞ்சியல் மருத்துவர்கள் கொள்ளும் எல்லைகளுள் ஒன்று. பாராசிட்டமாலின் ஒரு சிறு பகுதி கல்லீரலில் நச்சுப்பொருளாக மாறுகிறது. அதைக் கல்லீரலில் உள்ள குளுட்டாதையோன் என்னும் பொருள் உடனுக்குடன் செயலிழக்கச் செய்கிறது. அளவு மிகும்போதும், காய்ச்சலில் குழந்தை சரியாக உண்ணாதபோதும் குளுட்டாதையோன் இருப்பு குறைந்து நச்சு எஞ்சி நின்றுவிடும். தலைகீழான தவறும் நேரும்: 250-க்குரிய 3.2 மில்லிலிட்டரை 120 பாட்டிலிலிருந்து எடுத்தால் கிலோவுக்கு 7 மில்லிகிராம்தான் சேரும். காய்ச்சல் இறங்காததைப் பார்த்து வீட்டார் வேறொரு மருந்தையும் சேர்த்துக் கொடுக்கத் துணிவார்கள்.

அந்த வேறொரு மருந்து இங்கே கூடுதல் எச்சரிக்கைக்குரியது. மலேசியாவில் டெங்கி மிகுதியாகப் பதிவாகும் மாநிலம் சிலாங்கூர். காய்ச்சலின் முதல் நாள்களில் டெங்கியையும் பிற வைரஸ் காய்ச்சலையும் வேறுபடுத்துவது எளிதன்று. ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் ஆகியவை இரத்தக்கசிவை அதிகரிக்கக்கூடியவை என்பதால் டெங்கி ஐயம் உள்ளவரை அவற்றை மருத்துவர்கள் தவிர்க்கச் சொல்கிறார்கள். டெங்கி தானே கல்லீரலைத் தாக்கவல்லது என்பதால் பாராசிட்டமாலையும் கணக்குத் தாண்டிக் கொடுக்க இடமில்லை. சளிக்கான கலவைச் சிரப்புகள் சிலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே கலந்திருப்பதையும், ஆசனவாயில் வைக்கும் பாராசிட்டமாலும் அதே 24 மணி நேரக் கணக்கில் சேரும் என்பதையும் மறந்துவிடுவோர் பலர்.

பாட்டிலில் ஒட்டிய தாளில் முதலில் தேட வேண்டியது மருந்தின் பெயருக்கு அடுத்து நிற்கும் செறிவு. பெரிய கலனிலிருந்து சிறு பாட்டிலில் ஊற்றித் தரும்போது உற்பத்தியாளரின் அச்சுத் தாள் பின்தங்கிவிடுகிறது. கையால் எழுதி ஒட்டிய தாளில் செறிவு இல்லையென்றால், கிளம்புமுன் அதைக் கேட்டு எழுதி வாங்குவதே முறை. ‘பிலா பெர்லு’ என்று குறித்திருந்தால் தேவைப்பட்டால் மட்டும் என்பது பொருள். காய்ச்சல் விட்ட பிறகும் மணிக்கணக்குப் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளில் வேறொரு பொறி இருக்கிறது: அவற்றின் அளவைக் கிலோவுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு எனச் சொல்லி, அதை இரண்டு அல்லது மூன்று வேளையாகப் பிரிப்பார்கள்; நாளளவை வேளையளவு என்று கொண்டால் மருந்து இரண்டு மூன்று மடங்காகிவிடும்.

கணக்கு சரியாக இருந்தாலும் அளக்கும் கருவி ஏமாற்றலாம். வீட்டுத் தேக்கரண்டிகள் ஒன்றுபோல் கொள்வதில்லை. மூடியோடு வரும் அளவுக் கோப்பையிலும், சிறிய அளவை எடுக்கும்போது நீர்மட்டத்தின் சிறு சாய்வே பெரிய பிழையாகிவிடும். அமெரிக்காவில் ஷோனா யின் தலைமையிலான குழு 2110 பெற்றோரை அளக்கச் செய்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், 84 விழுக்காட்டினர் ஒரு முறையேனும் தவறாக அளந்தனர். கோப்பையில் அளக்கும்போது தவறும் வாய்ப்பு சிரிஞ்சில் அளப்பதைவிட நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. மருந்தோடு கோப்பையைத் தந்துவிட்டு மில்லிலிட்டரைத் துல்லியமாகச் சொல்லும் பழக்கம் பொருத்தமற்றது என்றே சொல்ல வேண்டும்.

வாய்வழிச் சிரிஞ்சு என்பது ஊசி பொருத்த முடியாத முனை கொண்டது. அதனால் அதிலுள்ள மருந்து தவறுதலாக இரத்தக்குழாய் வழியே செல்ல வழியில்லை. ஊசி போடும் சிரிஞ்சை வீட்டில் பயன்படுத்தினால், முனையிலுள்ள சிறு மூடி கழற்றப்படாமல் இருந்து மருந்தோடு பாய்ந்து குழந்தையின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் அபாயமும் உண்டு. தேவையான அளவைக் கொள்ளும் சிரிஞ்சுகளில் மிகச் சிறியதைத் தேர்வது நல்லது. 10 மில்லிலிட்டர் சிரிஞ்சில் 1.6 மில்லிலிட்டரை அளப்பது கோடுகளுக்கிடையே ஊகிப்பதாகவே முடியலாம்.

எடுக்கும் முறையில் கண் வைக்க வேண்டிய இடங்கள் சில உள்ளன. மருந்துத் துகள்கள் நீர்மத்தில் மிதந்து நிற்கும் வகையான சஸ்பென்ஷன், அசையாதிருந்தால் அடியில் படிந்துவிடும். குலுக்காமல் மேல்மட்டத்திலிருந்து எடுத்தால் தொடக்கத்தில் மருந்து குறைவாகவும், பாட்டில் தீரும் தறுவாயில் மிகையாகவும் செல்லும். பாட்டில் வாயில் பொருத்தும் துளையுள்ள அடைப்பு இருந்தால் சிரிஞ்சின் முனையை அதில் செருகி, பாட்டிலைத் தலைகீழாக்கி, உந்துதண்டைத் தேவையான கோட்டைச் சற்றுத் தாண்டி இழுக்க வேண்டும். குமிழி இருந்தால் விரலால் தட்டி மேலேற்றி, மருந்தைப் பாட்டிலுக்குள் மெல்லத் தள்ளிக் குமிழியை வெளியேற்றியபின் கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும், 3.2 மில்லிலிட்டரில் 0.4 மில்லிலிட்டர் காற்று இருந்தால் எட்டில் ஒரு பங்கு மருந்து குறைந்துவிடும். அளவைப் பார்ப்பது உந்துதண்டுத் தலையின் கூம்பு நுனியில் அல்ல. குழாயின் சுவரைத் தொட்டு நிற்கும் மேல் வளையத்தின் விளிம்பில், சிரிஞ்சைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டும். அடைப்பு இல்லாத பாட்டிலாயின் சிறிதளவைச் சுத்தமான கோப்பையில் ஊற்றி அதிலிருந்து எடுக்கலாம், மிச்சத்தைப் பாட்டிலில் திரும்ப ஊற்றக் கூடாது.

குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்து, முனையைக் கன்னத்தின் உட்புறத்துக்கும் ஈறுக்கும் நடுவே வைத்து, ஒரு விழுங்கலுக்கு ஏற்ற அளவில் சிறிது சிறிதாகச் செலுத்த வேண்டும்; நாக்கின் பின்புறத்தை நோக்கிப் பீய்ச்சினால் இருமலும் புரையேற்றமும் நேரும். மருந்து தீர்ந்தபின் முனையில் எஞ்சும் துளியைத் தண்ணீர் இழுத்துக் கழுவி அதையும் கொடுப்பது, மிகச் சிறிய அளவுகளில் கூடுதல் மருந்தாகிவிடும், ஏனெனில் அத்துளி கோட்டின் கணக்கில் சேராதது. பயன்படுத்தியதும் தண்டைப் பிரித்து, வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி உலர வைக்க வேண்டும். கோடுகள் தேய்ந்து மங்கினால் புதியது வாங்க வேண்டும்.

மருந்து கொடுத்த நேரம், பாட்டிலின் செறிவு, மில்லிலிட்டர் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப்பெட்டியில் ஒட்டி வைப்பது, தாத்தாவும் பாட்டியும் பெற்றோரும் மாறி மாறிப் பார்த்துக்கொள்ளும் வீட்டில் இரட்டை வேளையைத் தடுக்கும். அளவு மிஞ்சியது தெரியவந்தால், முதல் நாளில் குழந்தை நலமாகத் தோன்றுவதையும் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இல்லாமையையும் கண்டு அசட்டையாக இருந்துவிடாமல், அந்தத் தாளோடும் பாட்டிலோடும் சுங்கை பூலோ மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கோ அருகிலுள்ள மருத்துவமனைக்கோ செல்ல வேண்டும். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையமும் ஆலோசனை தருகிறது. மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டைன், பாராசிட்டமாலை ஒரே வேளையில் மிகையாக உட்கொண்டால் எட்டு மணி நேரத்துக்குள் கொடுக்கப்படும்போது கல்லீரலை மிகச் சிறப்பாகக் காக்கிறது என்பதால், மருத்துவர் முதலில் கேட்கப்போவது குழந்தை எத்தனை மில்லிலிட்டர் குடித்தது என்பதோடு அது எத்தனை மணிக்கு என்பதையும்தான்.