மூன்று வரிகளா, மூன்று மாதங்களா?

மாத விற்பனையை வரிவரியாக எழுதி, ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் அந்த மாதம், அதற்கு முந்தைய இரண்டு மாதங்கள் ஆக மூன்றின் சராசரியை எழுதிக்கொண்டே போனால் கிடைப்பது மூன்று மாத நகரும் சராசரி. ஒவ்வொரு வரியிலும் புது மாதம் ஒன்று கணக்கில் சேரும், மிகப் பழையது கழன்றுகொள்ளும். ஒரு மாதத்து ஏற்ற இறக்கத்தைப் பார்த்து வியாபாரி மிரளவோ மகிழ்ந்துபோகவோ வேண்டாம் என்பதற்காகவே இந்தக் கணக்கு.

ஒரு நடுத்தர ஜவுளிக் கடையின் கற்பனைக் கணக்கு கீழே இருக்கிறது. 2024 ஏப்ரல் முதல் 2025 ஜனவரி வரையிலான விற்பனை, லட்ச ரூபாயில்.

| மாதம் | விற்பனை | 3 மாத சராசரி |
|---|---|---|
| ஏப்ரல் | 10 | |
| மே | 13 | |
| ஜூன் | 7 | 10 |
| ஜூலை | 10 | 10 |
| ஆகஸ்ட் | 13 | 10 |
| செப்டம்பர் | 10 | 11 |
| அக்டோபர் | 31 | 18 |
| நவம்பர் | 7 | 16 |
| டிசம்பர் | 10 | 16 |
| ஜனவரி | 13 | 10 |

எக்செலில் இதைப் போடுவது எளிது. A பத்தியில் மாதம், B பத்தியில் விற்பனை, முதல் வரி தலைப்புக்கு. அப்படியானால் ஏப்ரல் 2ஆம் வரியில் வரும், ஜூன் 4ஆம் வரியில். முதல் சராசரியை ஜூனுக்கு நேரே, C4 கட்டத்தில் எழுத வேண்டும்:

```
=AVERAGE(B2:B4)
```

அந்தக் கட்டத்தின் வலது கீழ் மூலையைப் பிடித்துக் கடைசி வரி வரை இழுத்தால், அடுத்த வரியில் அதுவே `B3:B5` ஆகும், அதற்கடுத்து `B4:B6`. இப்படி இழுக்கும்போது கட்டங்களின் ஓரத்தில் சின்னதாக ஒரு பச்சை முக்கோணம் தோன்றலாம். பக்கத்தில் இன்னும் எண்கள் இருக்கின்றன, அவற்றை விட்டுவிட்டீர்களே என்று எக்செல் கேட்கிறது. வேண்டுமென்றே விட்டவைதான் அவை. முக்கோணத்தைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை. பழக்கதோஷத்தில் டாலர் குறி போட்டு `B$2:B4` என்று எழுதினால்தான் வில்லங்கம். தொடக்கம் ஏப்ரலிலேயே ஆணியடித்து நின்றுவிடும், சராசரி மூன்று மாதத்துக்குப் பதில் நான்கு, ஐந்து, ஆறு என்று நீண்டுகொண்டே போகும். செப்டம்பருக்குப் பிறகும் எண்கள் சோம்பலாக நகர்ந்தால், அக்டோபரின் 31கூடப் பெரிதாக உலுக்காவிட்டால், இந்தக் குறியைத்தான் முதலில் தேட வேண்டும்.

ஏப்ரலுக்கும் மேக்கும் நேரே இடம் காலியாக இருப்பது சரியே. அங்கே மூன்று மாதக் கணக்கு இன்னும் கிடையாது. இருப்பதை வைத்து மே மாதத்துக்கு 11.5 என்று போடலாம்தான். ஆனால் இரண்டு மாத சராசரி ஒன்று மூன்று மாத சராசரிகளின் வரிசையில் வந்து உட்கார்ந்தால், பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது.

இந்த ஃபார்முலா எண்ணுவது வரிகளை, மாதங்களை அல்ல. எல்லா மாதமும் வரிசை தவறாமல் இருக்கும்வரை இரண்டும் ஒன்றே. ஒரு மாதம் தவறினால்தான் வேறுபாடு வெளியே வரும். ஜூன் மாதம் முழுவதும் மராமத்து வேலைக்காகக் கடை பூட்டியிருந்தது, விற்பனை எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஜூலையின் சராசரி என்ன? ஜூனை ஏட்டில் எப்படி எழுதினார்கள் என்பதைப் பொறுத்து மூன்று விடைகள் வருகின்றன.

ஜூன் வரியில் 0 என்று எழுதியிருந்தால் 13, 0, 10 கூடி, மூன்றால் வகுபட்டு 7.67. அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டிருந்தால், `AVERAGE` வெற்றுக் கட்டத்தை எண்ணாது. 13, 10 இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 11.5 தரும். ஜூன் என்ற வரியே இல்லாமல் மேக்கு அடுத்து ஜூலை எழுதப்பட்டிருந்தால், ஃபார்முலா மேலே கை நீட்டி ஏப்ரலை இழுத்துக்கொள்ளும்: 10, 13, 10 சேர்ந்து 11.

மூன்றில் மோசமானது கடைசி விடை. 7.67 ஒரு கேள்விக்கு விடை: மூடியிருந்த மாதத்துக்கும் வாடகையும் சம்பளமும் கொடுத்தாக வேண்டும் என்பதால், மாதத்துக்குச் சராசரியாக எவ்வளவு கல்லாவுக்கு வந்தது என்று கேட்பவருக்கு அது சரி. 11.5 வேறொரு கேள்விக்கு விடை: கடை திறந்திருந்தால் ஒரு மாதத்துக்கு எவ்வளவு ஓடுகிறது என்பதற்கு. 11 எந்தக் கேள்விக்கும் விடை அல்ல. ஆனாலும் முழுசாக, பிழைச் செய்தி எதுவும் இல்லாமல், அக்கம்பக்கத்து எண்களோடு கலந்து நிற்கும். அதைக் கண்டுபிடிக்க மாதப் பெயர்களை மேலிருந்து கீழே விரல் வைத்துப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எண்போலத் தெரிந்தும் எண்ணாக இல்லாத கட்டமும் வெற்றுக் கட்டத்தைப் போலவே நடந்துகொள்ளும். 13 என்பதற்குப் பதில் "13 லட்சம்" என்று யாராவது தட்டியிருந்தால் எக்செலுக்கு அது வெறும் எழுத்து. `AVERAGE` சத்தமில்லாமல் தாண்டிப்போய்விடும். பொதுவாக எண்கள் கட்டத்தின் வலது ஓரம் ஒட்டியும் எழுத்துகள் இடது ஓரம் ஒட்டியும் நிற்பதால், பத்தியை ஒருமுறை கண்ணால் ஓட்டினாலே ஆள் அகப்படுவார். மூன்றும் எண்களாக இருந்தால் மட்டும் விடை சொல்லு என்று ஃபார்முலாவிடமே கட்டளையிட்டும் வைக்கலாம்:

```
=IF(COUNT(B2:B4)=3,AVERAGE(B2:B4),"")
```

வரியே இல்லாத மாதத்தை இந்தக் காவல் பிடிக்காது. அதற்கு ஃபார்முலாவைத் தேதி பார்த்து எண்ண வைக்க வேண்டும். A பத்தியில் மாதப் பெயருக்குப் பதில் அந்தந்த மாதத்தின் முதல் தேதி உண்மையான தேதியாக இருக்க வேண்டும். இங்கே ஒரு கண்ணி உண்டு. `Apr-24` என்று தட்டினால் எக்செல் அதை 2024 ஏப்ரலாக எடுத்துக்கொள்ளாது, நடப்பு ஆண்டின் ஏப்ரல் 24ஆம் தேதியாக எடுத்துக்கொள்ளும். `Apr-2024` என்று ஆண்டை முழுதாகத் தட்டினால்தான் ஏப்ரல் முதல் தேதி பதிவாகும். பிறகு C4இல்:

```
=AVERAGEIFS(B:B,A:A,">="&EDATE(A4,-2),A:A,"<="&A4)
```

`EDATE(A4,-2)` இந்த வரியின் மாதத்திலிருந்து இரண்டு மாதம் பின்னே போன தேதியைத் தரும். அந்தத் தேதிக்கும் இந்த வரியின் தேதிக்கும் இடைப்பட்டவை மட்டுமே சராசரியில் சேரும். ஜூன் வரி இல்லாவிட்டாலும் ஏப்ரல் உள்ளே வராது, ஜூலைக்கு 11.5 கிடைக்கும். விடுபட்ட மாதத்தைச் சுழியமாகவே கொள்ள வேண்டுமென்றால் `AVERAGEIFS` இருக்கும் இடத்தில் `SUMIFS` போட்டு, முடிவில் `/3` சேர்த்தால் 7.67 வரும். புதிய மாதம் மேலே வருமாறு பட்டியலைப் புரட்டிப் போட்டாலும் இந்த ஃபார்முலா கலங்காது. முதலில் சொன்ன எளிய ஃபார்முலாவோ, பட்டியலைப் புரட்டினால் கடந்த மாதங்களுக்குப் பதில் பிந்தைய மாதங்களைக் கூட்டத் தொடங்கிவிடும்.

கணக்கு எக்செலில் இல்லாமல் தரவுத்தளத்தில் இருந்தாலும் பிரச்சினை இதேதான். பில் போடும் மென்பொருள்கள் பலவற்றின் பின்னால் இருக்கும் எஸ்க்யூஎல் மொழியில் அதை இப்படிக் கேட்பார்கள்:

```
SELECT month, sales,
  AVG(sales) OVER (
    ORDER BY month
    ROWS BETWEEN 2 PRECEDING AND CURRENT ROW
  ) AS avg3
FROM monthly_sales;
```

`2 PRECEDING` என்றால் முந்தைய இரண்டு வரிகள். நடப்பு வரியோடு மூன்று. மூன்று மாதம்தானே என்று 3 போட்டால் நான்கு மாத சராசரி வந்து நிற்கும். `ROWS` தொடங்கும் அந்த வரியையே விட்டுவிட்டால், தொடக்கத்திலிருந்து இன்றுவரையிலான சராசரி வரும். எக்செலில் டாலர் குறி செய்த அதே வேலை. எக்செலில் நாம் காலியாக விட்ட ஏப்ரலுக்கும் மேக்கும் இது தயங்காமல் 10, 11.5 என்று எழுதிவிடும். விடுபட்ட மாதத்தைப் பற்றிய கவலையும் இதற்குக் கிடையாது, ஏனெனில் `ROWS` என்பது பெயரிலேயே வரிகள்.

இனி, வந்த எண்ணைப் படிப்பது. பட்டியலின் கடைசி இரண்டு வரிகளில் ஒரு விசித்திரம் இருக்கிறது. டிசம்பரில் விற்பனை 10, ஜனவரியில் பொங்கலை ஒட்டி 13. வியாபாரம் ஏறியிருக்கிறது. சராசரியோ 16லிருந்து 10க்குச் சரிகிறது. கணக்கில் பிழை இல்லை. ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குச் சராசரி எவ்வளவு மாறும் என்பதை இரண்டே எண்கள் தீர்மானிக்கின்றன: உள்ளே வரும் மாதமும் வெளியே போகும் மாதமும். அவற்றின் வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மாற்றம். ஜனவரியில் 13 உள்ளே வந்தது, அக்டோபரின் 31 வெளியே போனது; 18இல் மூன்றில் ஒன்று 6. ஆகவே 16, 10 ஆனது. ஜனவரியின் சரிவு உண்மையில் அக்டோபரைப் பற்றிய செய்தி, மூன்று மாதம் தாமதமாக வந்திருக்கிறது. சராசரி திடீரென்று இறங்கும்போது இந்த மாதத்தைப் பார்க்கும் முன் மூன்று வரி மேலே இருக்கும் மாதத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

அக்டோபர் 31க்குக் காரணம் தீபாவளி. 2024இல் அது அக்டோபர் 31ஆம் தேதி வந்தது. 2023இல் நவம்பர் 12, 2025இல் அக்டோபர் 20. ஜவுளி, பட்டாசு, இனிப்புக் கடைகளில் போன ஆண்டு அக்டோபரையும் இந்த ஆண்டு அக்டோபரையும் நேருக்கு நேர் வைத்தால், பண்டிகை இடம் மாறியதை வளர்ச்சியாகவோ தேய்வாகவோ எண்ணிவிட வாய்ப்பு அதிகம். மூன்று மாத சராசரி பண்டிகைக் காலத்து ஏற்றத்தை அழிக்காது, அகலமாகப் பரப்பி வைக்கும், அவ்வளவுதான். அதைப் பெருமளவு சமன்செய்யப் பன்னிரண்டு மாத சராசரி வேண்டும். இருந்தாலும் நவம்பர் வரியின் மூன்று மாத சராசரிக்கு மட்டும் ஒரு வசதி உண்டு. அது செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மூன்றையும் அடக்கியது. தீபாவளி அக்டோபரில் வந்தாலும் நவம்பரில் வந்தாலும் அதற்குள் விழுந்துவிடும், அதற்கு முந்தைய வாரங்களின் கொள்முதலும் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். ஆகவே இரண்டு ஆண்டுத் தீபாவளி வியாபாரத்தை ஒப்பிட நினைப்பவர் அக்டோபர் வரியை விட்டு, நவம்பர் வரியில் இருக்கும் சராசரிகளை எடுத்துக்கொள்ளலாம். மேலே உள்ள கடைக்கு 2024இல் அந்த எண் 16.